பெரிய வீடியோ ஃபைல் அப்லோட் ஆகாமல் இழுக்கிறதா? கிராஃபைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்கு இந்த வேதனை தெரியும். எடிட்டிங், கலர் எல்லாம் முடிந்து, ரெண்டரும் ஆகி, ஒரு மணி நேரப் படம் 45 ஜிபி ஃபைலாக உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளர் வீட்டில் இருந்து "அண்ணே, லிங்க் எப்ப வரும்?" என்று மெசேஜ் மேல் மெசேஜ் வந்துகொண்டிருக்கும். எனக்கும் அப்படி ஒரு ராத்திரி. பத்து மணிக்கு கூகுள் டிரைவுக்கு அனுப்ப ஆரம்பித்தேன், என் கணக்குப்படி பன்னிரண்டரைக்கு முடிந்திருக்க வேண்டும், ஆனால் இரண்டு மணிக்குப் பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. லைனில் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போடப் போனவன், அதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். காரணம் அந்தக் கிராஃபிலேயே இருந்தது, லைனில் ஒரு குறையும் இல்லை.

அப்லோட் மெதுவாக இருந்தால் எல்லோரும் முதலில் பிளானை மாற்றுவதைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: லைன் முழுக்க நிரம்பி அதனால் மெதுவாக இருக்கிறதா, இல்லை, லைன் பாதி நேரம் சும்மா இருப்பதால் மெதுவாக இருக்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் எந்தப் பலனும் கிடைக்காது.

முதலில் கணக்கு: எவ்வளவு நேரம் ஆக வேண்டும்?

இன்டர்நெட் கம்பெனி வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறது, உங்கள் ஃபைல் இருப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 40 மெகாபிட் அப்லோட் என்றால் வினாடிக்கு 5 மெகாபைட்தான் ஏறும். 45 ஜிபி என்பது 45,000 மெகாபைட், ஐந்தால் வகுத்தால் 9,000 வினாடி, அதாவது இரண்டரை மணி நேரம். என் "பன்னிரண்டரை மணி" வந்தது இப்படித்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் 100 அல்லது 200 பெரும்பாலும் டவுன்லோட் வேகம். சில பிளான்களில் அப்லோடும் அதே அளவு இருக்கும், சிலவற்றில் பாதிகூட இருக்காது. அதனால் பிளானின் பெயரை நம்பாமல் நீங்களே அளந்துவிடுங்கள். கம்ப்யூட்டரை ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைத்து, வீட்டில் வேறு யாரும் நெட் பயன்படுத்தாத நேரத்தில், ஸ்பீட் டெஸ்ட்டை மூன்று முறை ஓட்டி, Upload என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வைஃபையில் அளந்தால், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அளந்தால், நீங்கள் அளப்பது பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் இரைச்சலையும் சேர்த்துத்தான்.

அந்த எண்ணை எட்டால் வகுத்து, ஃபைல் அளவை அதால் வகுங்கள். வரும் நேரத்தோடு ஒரு ஐந்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் முகவரி, வரிசை எண் போன்றவற்றையும் சுமந்துகொண்டுதான் போகிறது. கிட்டத்தட்ட அந்த நேரத்துக்குள் அப்லோட் முடிகிறது என்றால் உங்கள் லைன் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம், அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் பிளானை மாற்ற வேண்டும், இல்லை ஃபைலைச் சின்னதாக்க வேண்டும். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அப்புறம் கிராஃப்: தட்டையா, சீப்பா, படியா?

அப்லோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, Performance பக்கத்தில் Ethernet அல்லது Wi-Fi மேல் கிளிக் பண்ணுங்கள். Send என்று இருக்கும் கோடுதான் நமக்கு வேண்டியது. அப்டேட் வேகத்தை High என்று மாற்றிக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள்.

மொட்டை மாடி மாதிரி தட்டையாக, நீங்கள் அளந்த வேகத்துக்குப் பக்கத்தில் ஓடினால், லைன் நிரம்பியிருக்கிறது. சீப்பின் பல் மாதிரி ஏறி, பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி ஏறி என்று ஓடினால், துண்டு துண்டாக அனுப்புவதில்தான் நேரம் போகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஒரு படி இறங்கி, அந்தக் குறைந்த உயரத்திலேயே தட்டையாக நின்றுவிட்டால், யாரோ ஒருவர் வேகத்துக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார், பெரும்பாலும் அது உங்கள் இன்டர்நெட் கம்பெனியாக இருக்கும்.

அன்றைக்கு நான் பார்த்தது அசல் சீப்பு. ஒரு நிமிடத்துக்கு இருபதுக்கும் மேல் பற்கள். ஒவ்வொரு பல்லும் 40 மெகாபிட் வரை போய்த் தொட்டுவிட்டு அப்படியே கீழே விழுந்தது.

சீப்பு ஏன் வருகிறது?

பெரிய ஃபைலை யாரும் ஒரே மூச்சில் அனுப்புவதில்லை. 44வது ஜிபியில் லைன் ஒரு வினாடி அறுந்தால் எல்லாம் மண்ணாகிவிடுமே, அதனால் ஃபைலைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். கூகுள் டிரைவ் முறையில் ஒரு துண்டு போய்ச் சேர்ந்ததும் சர்வர் "இது வரை வந்துவிட்டது, அடுத்ததை அனுப்பு" என்று 308 என்ற எண்ணோடு ஒரு பதில் தரும், அந்தப் பதில் வந்த பிறகுதான் அடுத்த துண்டு கிளம்பும். கட்டடத்தில் செங்கல் ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். கீழே இருப்பவர் ஒரு கூடையை மேலே அனுப்பிவிட்டு, மேலே இருப்பவர் அதை இறக்கி வைத்துவிட்டு "ம், அடுத்தது" என்று குரல் கொடுக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கூடை சின்னதாக இருந்தால் தூக்கும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகமாகிவிடும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பதிலுக்காகக் காத்திருக்கும் அந்த இடைவெளி கொஞ்சம் நீண்டுவிட்டால், டேட்டாவைப் பாக்கெட்டுகளாக அனுப்பும் விதிமுறையான டிசிபி அந்த இணைப்பை மறுபடி மெதுவாகவே ஆரம்பிக்கும், எடுத்த எடுப்பில் முழு வேகத்துக்குப் போகாது. லினக்ஸில் இதுதான் இயல்பான நடத்தை. சர்வர் தூரத்தில் இருந்தால், போய்வரும் நேரம் கூடக் கூட, இந்த ஏற்றமும் மெதுவாகும்.

நான் பயன்படுத்துவது `rclone`. இலவசம், கமாண்டில் ஓடுவது, டிரைவ், அமேசானின் எஸ்3 என்று நிறையச் சேமிப்பு இடங்களோடு பேசும். டிரைவுக்கு அதில் இயல்பாக இருக்கும் துண்டின் அளவு 8 எம்பி. ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அதையே கேட்கலாம், கீழே `gdrive` என்பது `rclone config` ஓட்டி என் டிரைவ் கணக்கை இணைத்தபோது நான் வைத்த பெயர்:

```
rclone copy "D:\Final\kalyanam.mp4" gdrive:Delivery --transfers 1 -vv
```

`-vv` போட்டால் ஒவ்வொரு துண்டும் கிளம்பும்போது நேரத்தோடு ஒரு வரி வரும், அதில் `Sending chunk` என்று இருக்கும். ஒரு வரிக்கும் அதற்குப் பத்து வரி தள்ளி இருக்கும் வரிக்கும் எத்தனை வினாடி இடைவெளி என்று பாருங்கள். எனக்கு 28 வினாடி. பத்து துண்டு என்பது 84 மெகாபைட், வினாடிக்கு 5 மெகாபைட் வேகத்தில் 17 வினாடியில் போயிருக்க வேண்டும். மிச்சம் 11 வினாடி, துண்டுக்கு 1.1 வினாடி, வெறும் காத்திருப்பு. 45 ஜிபிக்கு இப்படி 5,364 துண்டுகள். பெருக்கிப் பார்த்தேன், நாலு மணி நேரத்துக்கு மேல் வந்தது. அதில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக என் லைன் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா கிடந்திருக்கிறது.

சரி, கூடையைப் பெரிதாக்குவோம்

```
rclone copy "D:\Final\kalyanam.mp4" gdrive:Delivery --drive-chunk-size 128M --transfers 1 -P
```

இப்போது ஒரு துண்டு போக 27 வினாடி, காத்திருப்பு அதே 1.1 வினாடி. துண்டுகள் மொத்தமே 335தான். கணக்குப்படி இரண்டு மணி 36 நிமிடம், அடுத்த தடவை அதே அளவு ஃபைலை அனுப்பியபோது கிட்டத்தட்ட அப்படியே முடிந்தது. கிராஃபும் தட்டையாகி, எப்போதாவது ஒரு சின்னப் பள்ளம் மட்டும் தெரிந்தது.

அப்படியானால் 256, 512 என்று போய்க்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். 256 வைத்தால் மிச்சமாவது மூன்று நிமிடம்தான். ஆனால் துண்டு முழுவதும் ரேமில் உட்காரும், ஒரே நேரத்தில் நாலு ஃபைல் அனுப்பினால் நாலு மடங்கு ரேம். அதைவிடப் பெரிய பிரச்சினை, நடுவில் லைன் அறுந்தால் அந்தத் துண்டு முதலிலிருந்து போக வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் 8 மெகாபிட் கிடைக்கிறது என்று வையுங்கள், 128 எம்பி துண்டு போக இரண்டேகால் நிமிடம் ஆகும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், பாதித் துண்டு போவதும் திரும்ப முதலிலிருந்து போவதுமாக டேட்டா மட்டும் கரையும், ஃபைல் நகராது. அங்கே 16 எம்பிதான் சரி.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: நல்ல ஃபைபர் லைனில் ஒரு துண்டு 20 முதல் 30 வினாடியில் போகிற மாதிரி, ஆடும் லைனில் 10 முதல் 20 வினாடியில் போகிற மாதிரி. `rclone`-ல் டிரைவுக்குத் துண்டின் அளவு 8, 16, 32, 64, 128 என்று இரட்டித்துப் போகும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும், 100 என்று போட்டால் ஏற்காது.

பிரவுசரில் இழுத்துப் போட்டு ஏற்றினால் துண்டின் அளவு உங்கள் கையில் இல்லை, அந்தத் தளம் வைத்ததுதான். அதனால்தான் பத்து ஜிபிக்கு மேல் போனால் பிரவுசரை விட்டுவிடுங்கள் என்று சொல்கிறேன்.

இங்கே இரண்டு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். துண்டாகப் போகிறது என்பதால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நினைக்கிறார்கள். டிரைவ் சர்வர் அந்த அரைகுறை அப்லோடை ஒரு வாரம் வரை நினைவில் வைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் `rclone`-ஐ மூடிவிட்டுத் திரும்ப ஓட்டினால் அந்த ஃபைல் முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஓடும்போது லைன் சில வினாடி அறுந்து திரும்பினால் சமாளித்துக்கொள்ளும், அவ்வளவுதான். எனவே லேப்டாப் தூங்கிவிடாதபடி செட்டிங்கை மாற்றிவிட்டு, சார்ஜரைச் செருகிவிட்டுப் படுங்கள். இன்னொன்று, திரையில் காட்டும் சதவீதம். பெரிய துண்டு வைத்தால் அந்த எண் குதித்துக் குதித்துப் போகும், துண்டை ரேமுக்கு எடுத்ததையே அனுப்பியதாக அது எண்ணிக்கொள்ளலாம். கிராஃபை நம்புங்கள்.

தட்டையாக இருக்கிறது, ஆனால் உயரம் குறைவு

அளந்தபோது 40 வந்தது, அப்லோட் மட்டும் 15லேயே தட்டையாக நிற்கிறது, சீப்பும் இல்லை. இதற்கு ஒரு சோதனை போதும். முதல் ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஃபைல் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். மொத்தக் கோடு 30க்கு ஏறினால், லைனில் இடம் இருக்கிறது, ஒற்றை இணைப்புதான் அதற்கு மேல் போக முடியாமல் திணறுகிறது. தூரமான சர்வர், வழியில் கொஞ்சம் பாக்கெட் இழப்பு, இரண்டும் சேர்ந்தால் ஒற்றை இணைப்பு இப்படித்தான் ஆகும். மொத்தம் 15லேயே நின்று இரண்டும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டால், அந்தப் பாதையில் உங்களுக்குக் கிடைப்பதே அவ்வளவுதான்.

ஒற்றை இணைப்புதான் தடை என்றால், பல இணைப்புகளில் அனுப்ப வேண்டும். டிரைவில் ஒரு ஃபைலின் துண்டுகள் வரிசையாகத்தான் போகும், ஒரே ஃபைலை நாலு கையால் தூக்க வழியில்லை. பல ஃபைல்கள் இருந்தால் `--transfers 3` போடலாம். எஸ்3 மாதிரியான இடங்களில் ஒரே ஃபைலின் துண்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம்:

```
rclone copy "D:\Final\kalyanam.mp4" s3:bucket/Delivery --s3-chunk-size 64M --s3-upload-concurrency 4 -P
```

எஸ்3இல் அதிகபட்சம் 10,000 துண்டுகள்தான் அனுமதி. 5 எம்பி துண்டாக வெட்டினால் 52 ஜிபிக்கு மேல் போக முடியாது, அதற்காகவும் துண்டைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பாதியில் கைவிட்ட துண்டுகள் அங்கேயே கிடந்து வாடகை ஏறும், அவற்றை அழிக்க ஒரு லைஃப்சைக்கிள் விதி போட்டு வையுங்கள்.

லைனை முழுக்க நிரப்பினால் வீடே முடங்கும்

சீப்பைச் சரிசெய்த மறுநாள் வீட்டில் சண்டை. யாருக்கும் வீடியோ கால் ஓடவில்லை, பேஜ்கூடத் திறக்கவில்லை. அப்லோட் லைனை முழுவதுமாக நிரப்பிவிட்டால், ரவுட்டரில் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். டவுன்லோட் பண்ணுகிறவர்கள் அனுப்ப வேண்டிய "வந்து சேர்ந்தது" என்ற சின்னச் சின்ன பதில்களும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அதனால் டவுன்லோடும் படுத்துவிடுகிறது. இதைக் கண்ணால் பார்க்கலாம்: அப்லோட் இல்லாதபோது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை, `ping 8.8.8.8` ஓட்டிப் பாருங்கள். எனக்கு சும்மா இருக்கும்போது 12 மில்லிசெகண்ட், அப்லோட் ஓடும்போது 400ஐத் தாண்டியது.

வைத்தியம், நாமே கொஞ்சம் கையைப் பிடித்துக்கொள்வது. அளந்த வேகத்தில் 85 சதவீதம் வைத்தால் வரிசை சேராது. 40 மெகாபிட்டில் 85 சதவீதம் 34, எட்டால் வகுத்தால் நாலேகால். கொஞ்சம் குறைத்து, கமாண்டின் கடைசியில் இதைச் சேருங்கள்:

```
--bwlimit 4M
```

இந்த M மெகாபைட், மெகாபிட் இல்லை. 34 என்று நினைத்துக்கொண்டு `34M` போட்டால் கட்டுப்பாடே இல்லாத மாதிரிதான், 4 மெகாபிட் என்று நினைத்து `4M` போட்டால் எட்டு மடங்கு அதிகமாக ஓடும். கட்டுப்பாடு போட்ட பிறகு என் பிங் 20க்குள் வந்துவிட்டது. அப்லோட் நேரம் அரை மணி நேரம் கூடியது, வீட்டில் எல்லோருடைய வேலையும் நடந்தது, அந்தப் பேரம் எனக்குச் சம்மதம். பகலில் இன்னும் குறைத்து, இரவில் ஏற்ற வேண்டுமென்றால் நேரத்தையும் கொடுக்கலாம்:

```
--bwlimit "07:00,2M 23:00,4M"
```

படி இறங்கினால்

முதல் இருநூறு ஜிபி நன்றாகப் போய், பிறகு 2 மெகாபிட்டில் தட்டையாக நின்றால், துண்டின் அளவை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. "அன்லிமிடெட்" என்று சொல்லும் வீட்டுப் பிளான்களிலும் மாத அளவு ஒன்று இருக்கும், இந்தியாவில் பல பிளான்களில் அது 3300 ஜிபி. அப்லோடும் அதில் கணக்காகும், அறுந்து திரும்பப் போன துண்டுகளும் கணக்காகும். கம்பெனியின் ஆப்பில் பயன்பாட்டைப் பாருங்கள். அங்கே மீதி இருந்தால், அதே நேரத்தில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள்: அதிலும் வேகம் விழுந்திருந்தால் லைன், டெஸ்ட் நன்றாக வந்தால் போய்ச் சேரும் இடம்.

போய்ச் சேரும் இடத்துக்கும் வரம்பு உண்டு. டிரைவில் ஒரு கணக்கிலிருந்து ஒரு நாளில் 750 ஜிபிக்கு மேல் ஏற்ற முடியாது. மூன்று கேமரா, இரண்டு நாள் கல்யாணம், மூல ஃபுட்டேஜ் முழுவதையும் ஏற்றப் பார்த்தால் வேகமான லைனில் இதைத் தொட்டுவிடலாம். அப்போது வேகம் குறையாது, பிழை வரும். `--drive-stop-on-upload-limit` போட்டு வைத்தால் வரம்பு வந்ததும் நின்றுவிடும், இல்லையென்றால் விடிய விடிய முயற்சி செய்துகொண்டே இருக்கும். மறுநாள் அதே கமாண்டை ஓட்டுங்கள், முழுதாகப் போய்ச் சேர்ந்த ஃபைல்களைத் தாண்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும்.

லிங்க் அனுப்புவதற்கு முன்

ஏறிவிட்டது என்று திரை சொன்னாலும் ஒரு முறை சரிபாருங்கள்:

```
rclone check "D:\Final" gdrive:Delivery --one-way
```

இது இரண்டு பக்கத்து ஃபைலுக்கும் கைரேகை மாதிரி இருக்கும் எம்டி5 எண்ணை ஒப்பிடும், திரும்ப டவுன்லோட் பண்ணாது. 45 ஜிபியை உங்கள் டிஸ்கிலிருந்து படித்து முடிக்கச் சில நிமிடம் ஆகும். `0 differences found` என்று வந்தால் லிங்க்கை அனுப்பலாம், அது வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள்.